இரைச்சலிலிருந்து படம்: டிஃப்யூஷன் மாடல் வரையும் விதமும், விரலும் எழுத்தும் பிசகும் இடமும்

```
a girl waving, holding a sign that says "WELCOME"
```

ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5 போன்ற ஒரு மாடலிடம் இந்த வரியைக் கொடுத்துப் பாருங்கள். முகம் நன்றாக வரும். முடி இழை இழையாக வரும். சட்டை மடிப்பில் நிழல்கூடச் சரியாக விழும். அசைக்கும் கையை எண்ணினால் ஆறு விரல் இருக்கும். பலகையில் WELCOME இருக்க வேண்டிய இடத்தில் WELOCMME போல ஏதோ ஒன்று இருக்கும். கண்ணிமையை இத்தனை நுணுக்கமாக வரைகிற ஒன்றுக்கு ஐந்து வரை எண்ண வராதா என்று யாருக்கும் தோன்றும்.

மாடல் அந்தப் படத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று படிப்படியாகப் பின்தொடர்ந்தால் இதற்கு விடை கிடைக்கும். முகத்தை நன்றாக வரையவைக்கும் அதே வழிமுறைதான் விரலைக் கெடுக்கிறது. இந்த ஒரு படத்தையே கடைசி வரை கையில் வைத்துக்கொண்டு போவோம். நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

## முதல் படி: படத்தைக் கெடுப்பது

இந்த முறையின் மூல யோசனை 2015-இல் ஜாஷா சோல்-டிக்ஸ்டீனும் அவரோடு சேர்ந்தவர்களும் வெளியிட்ட ஆய்விலிருந்து வருகிறது. தண்ணீரில் விழுந்த மைத்துளி மெல்லப் பரவிக் கரைவதைப் போல, படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிட்டு, அந்தக் கரைதலைப் பின்னோக்கி ஓட்டக் கற்பது. 'டிஃப்யூஷன்' என்ற பெயரும் இந்தப் பரவலைத்தான் குறிக்கிறது. 2020-இல் ஜொனாதன் ஹோ, அஜய் ஜெயின், பீட்டர் அபீல் மூவரும் இதை எளிமையாக்கி, நல்ல படங்கள் வருகிற அளவுக்குக் கொண்டுவந்தார்கள். கீழே வரும் எண்கள் அவர்களுடைய அமைப்பிலிருந்து கணக்கிட்டவை.

படத்தின் ஒவ்வொரு பிக்சலையும் −1 முதல் 1 வரை உள்ள ஓர் எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சல் என்பது ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியாகக் குலுக்கி எடுத்த எண். அது பெரும்பாலும் பூஜ்யத்தின் அருகில் இருக்கும், எப்போதாவது 2 அல்லது −2 வரை போகும். கெடுக்கும் வேலை 1000 படிகளில் நடக்கிறது. ஆனால் ஒவ்வொன்றாக நடந்து போகத் தேவையில்லை. எந்தப் படிக்கும் நேரடியாகத் தாவ ஒரு சூத்திரம் இருக்கிறது:

```
x_t = a · x_0 + b · ε
```

`x_0` என்பது சுத்தமான பிக்சல், `ε` என்பது இரைச்சல், `a`-வும் `b`-யும் படத்திலிருந்து எவ்வளவு, இரைச்சலிலிருந்து எவ்வளவு என்கிற பங்குகள். 100-ஆம் படியில் a 0.95, b 0.32. படம் லேசாகப் புள்ளி தட்டியிருக்கும், அவ்வளவுதான். 250-இல் 0.72, 0.69 என்று இரண்டும் ஏறக்குறையச் சமமாகின்றன. 500-இல் a 0.28-க்கு இறங்கி, b 0.96-க்கு ஏறிவிடுகிறது. 1000-இல் a வெறும் 0.006. அங்கே நம் கண்ணுக்கு இரைச்சலைத் தவிர எதுவும் தெரியாது.

கெடுப்பதற்கு மூளை வேண்டாம். மாடல் கற்க வேண்டியது எதிர்த்திசை வேலை.

## இரண்டாம் படி: இரைச்சலை ஊகிக்கப் பழகுவது

பயிற்சி இப்படி நடக்கிறது. ஒரு படத்தை எடுக்கிறார்கள். 1 முதல் 1000 வரை ஏதோ ஒரு படியைக் குலுக்கி எடுத்து, அந்த அளவுக்கு இரைச்சல் கலக்கிறார்கள். கலந்த படம், படியின் எண், படத்தைப் பற்றிய விவரணை வரி, இந்த மூன்றையும் மாடலிடம் கொடுத்து, 'இதில் கலந்திருக்கிற இரைச்சல் எது?' என்று கேட்கிறார்கள். மாடல் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண்ணைச் சொல்கிறது. உண்மையான இரைச்சலோடு உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி, எல்லா இடங்களுக்கும் சராசரி எடுத்து, அந்தச் சராசரி குறையும்படி மாடலைத் திருத்துகிறார்கள். கோடிக்கணக்கான படங்களில் இதே வேலை திரும்பத் திரும்ப.

இங்கே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். அந்தச் சராசரியில் எல்லா இடத்துக்கும் ஒரே மதிப்பு. வானத்தில் இருக்கும் ஒரு புள்ளிக்கும் விரல் நுனியில் இருக்கும் ஒரு புள்ளிக்கும் தவறின் விலை ஒன்றுதான். 'விரல்', 'எழுத்து' என்று எதுவும் இந்தக் கணக்குக்குள் வருவதில்லை.

## ஒரே தாவலில் ஏன் முடியாது

இரைச்சல் எது என்று தெரிந்தால் அதைக் கழித்து உடனே படத்தை எடுத்துவிடலாமே, எதற்குப் படிப்படியாகப் போக வேண்டும்? ஒரு பிக்சலை வைத்துப் போட்டுப் பார்ப்போம்.

உண்மையான பிக்சல் 0.6, கலந்த இரைச்சல் −1.2 என்று வைத்துக்கொள்வோம். 250-ஆம் படியில் மாடலின் கையில் கிடைப்பது 0.72 × 0.6 + 0.69 × (−1.2), அதாவது ஏறக்குறைய −0.40. மாடல் இரைச்சலை −1.1 என்று ஊகிக்கிறது. தவறு 0.1 மட்டும். திருப்பிக் கணக்குப் போட்டால் பிக்சல் 0.50 என்று வருகிறது. 0.6-க்குப் பக்கம்தான், பரவாயில்லை.

அதே பிக்சல், அதே இரைச்சல், அதே 0.1 தவறு, ஆனால் 500-ஆம் படி. இப்போது கையில் இருப்பது −0.98. திருப்பிப் போட்டால் 0.26 வருகிறது. தவறு மூன்று மடங்குக்கு மேல் பெருத்துவிட்டது. 1000-ஆம் படியில் அந்த 0.1 தவறை 0.006-ஆல் வகுக்க வேண்டும். விடை பதினாறு அளவுக்கு விலகிப் போகும். பிக்சல் இருக்க வேண்டிய எல்லையோ −1 முதல் 1 வரைதான்.

எண்ணை விட்டுவிட்டு இதன் பொருளைப் பார்க்கலாம். இரைச்சல் மிகுந்த படத்துக்குப் பின்னால் லட்சக்கணக்கான வெவ்வேறு படங்கள் ஒளிந்திருக்க முடியும். அதில் எது என்று மாடலுக்குத் தெரியாது. வர்க்க வித்தியாசத்தைக் குறைக்கும்படி பழக்கப்பட்ட ஒன்று அந்த நிலையில் தரக்கூடிய மிகச் சிறந்த பதில், சாத்தியமான எல்லாப் படங்களின் சராசரி. சராசரி எப்போதும் மங்கலாகத்தான் இருக்கும். பெண் இடப்பக்கம் நிற்கும் படங்களையும் வலப்பக்கம் நிற்கும் படங்களையும் கூட்டிச் சராசரி எடுத்தால் நடுவில் ஒரு புகைமூட்டம்தான் கிடைக்கும்.

அதனால் மாடலின் ஊகத்தை முழுதாக நம்பாமல், அதன் திசையில் ஓர் அடி மட்டும் எடுத்து வைக்கிறோம். இரைச்சல் சற்றுக் குறைகிறது, சாத்தியங்கள் சில கழிகின்றன. மிச்சம் இருப்பவற்றின் சராசரியை மறுபடி கேட்கிறோம். முதலில் 'இடமா வலமா' தீர்கிறது, அப்புறம் 'தலை எங்கே', அதற்கப்புறம் 'கண் எங்கே'. முகம் இவ்வளவு நன்றாக வருவது இந்தப் பொறுமையால்தான்.

## மூன்றாம் படி: நம் படம் உருவாகிறது

ஸ்டேபிள் டிஃப்யூஷன் 2022 ஆகஸ்டில் வெளிவந்தது. அது நேரடியாகப் பிக்சல்களில் வேலை செய்வதில்லை. 512 × 512 படத்தை முதலில் 64 × 64 கட்டமாகச் சுருக்கிவிடுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு எண்கள். அதாவது 8 × 8 பிக்சல் கொண்ட ஒரு சதுரத்தில் மூன்று வண்ணத்துக்கும் சேர்த்து 192 எண்கள் இருந்தன, அந்த இடத்தில் இப்போது நான்கே எண்கள். மொத்தத்தில் 48 மடங்கு சுருக்கம். வரைவதெல்லாம் இந்தக் கட்டங்களில்தான் நடக்கிறது, முடிந்ததும் அவை திரும்பப் பிக்சல்களாக விரிகின்றன. இந்தச் சுருக்கத்தால்தான் வீட்டுக் கணினியில் இது ஓடுகிறது. இதற்குக் கொடுக்கும் விலையைக் கைக்கு வரும்போது பார்க்கலாம்.

ப்ராம்ப்ட் வரி தனியாக ஒரு மொழி மாடலுக்குள் போகிறது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5-இல் அதன் பெயர் கிளிப். அது வரியை டோக்கன்கள் எனும் சிறு துண்டுகளாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் 768 எண்கள் கொண்ட ஒரு பட்டியலைத் தருகிறது. படத்தின் ஒவ்வொரு கட்டமும் அந்தப் பட்டியல்களைப் பார்த்து, தனக்குச் சம்பந்தமானதை எடுத்துக்கொள்ளும் வசதி மாடலுக்குள் இருக்கிறது. அட்டென்ஷன் என்பது இந்த வசதிதான்.

இனி வரையும் சுற்று. பயிற்சியில் 1000 படிகள் இருந்தாலும் வரையும்போது எல்லாவற்றையும் மிதிக்கத் தேவையில்லை, 30 படி போதும். எலும்புக்கூடு இவ்வளவுதான்:

```
for t, s in zip(steps, steps[1:]):
    e0 = model(x, t, "")
    e1 = model(x, t, prompt)
    e  = e0 + 7.5 * (e1 - e0)
    x0 = (x - b[t] * e) / a[t]
    x  = a[s] * x0 + b[s] * e
```

`x` தொடக்கத்தில் வெறும் இரைச்சல். சீட் எண் என்று நாம் கொடுப்பது இந்த முதல் இரைச்சலைத் தீர்மானிக்கும் எண். ஒவ்வொரு சுற்றிலும் மாடல் இரண்டு முறை ஓடுகிறது, ஒரு முறை வரி இல்லாமல், ஒரு முறை வரியோடு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 'இந்த வரி படத்தை எந்தப் பக்கம் இழுக்கிறது' என்பதைச் சொல்லும். அதை 7.5 மடங்காக்குகிறோம். கைடன்ஸ் ஸ்கேல் என்று திரையில் இருப்பது இந்த எண். அதை 15, 20 என்று ஏற்றினால் படம் வரிக்கு இன்னும் அடங்கும், கூடவே வண்ணங்கள் எரிச்சலாகி விளிம்புகள் கருகியது போலாகும்.

கடைசி இரண்டு வரிகளைக் கவனியுங்கள். முழுப் படத்தின் ஊகம் `x0` ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கிறது. ஆனால் அதை அப்படியே ஏற்காமல், அடுத்த படிக்கு உரிய அளவு இரைச்சலை மீண்டும் சேர்த்து வைக்கிறோம்.

அந்த `x0`-வை ஒவ்வொரு சுற்றிலும் சேமித்து, பிக்சல்களாக விரித்து வரிசையாகப் பார்ப்பதை நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். இந்த விஷயத்தில் எனக்குப் புரிதல் வந்தது கட்டுரைகளைப் படித்தபோது அல்ல, அந்த முப்பது படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான். முதல் சில சுற்றுகளில் வண்ணத் திட்டுகள் மட்டும் இருக்கும். நடுவில் ஒரு வெளிர் நெடுக்கை, அதன் ஓரத்தில் மேல்நோக்கி ஒரு பிதுக்கம், கீழே ஒரு வெள்ளைச் செவ்வகம். பெண், உயர்த்திய கை, பலகை என்ற மூன்றும் அங்கேயே இடம்பிடித்துவிட்டன. அதற்குப் பிறகு அவை பெரும்பாலும் நகர்வதில்லை. நடுச் சுற்றுகளில் முகம் தெளிகிறது. விரல்களும் எழுத்தும் பின்பாதியில்தான் பிரிகின்றன. அதுவரை கை என்பது ஒரு சப்பாத்துக்கள்ளி மடல் போன்ற திட்டு, எழுத்து என்பது பலகையின் மேல் ஒரு சாம்பல் பட்டை.

## விரல் ஏன் ஆறாகிறது

உயர்த்திய கை படத்தில் ஏறத்தாழ 64 பிக்சல் அகலம் என்று வையுங்கள். சுருக்கிய கட்டங்களில் அது 8 கட்டம். அதற்குள் ஐந்து விரலும் அவற்றுக்கு நடுவே நான்கு இடைவெளியும் அடங்க வேண்டும். மொத்தம் ஒன்பது பட்டை, எட்டு கட்டம். ஒரு விரலுக்கு முழுதாக ஒரு கட்டம்கூட இல்லை. விரலும் இடைவெளியும் ஒரே கட்டத்தின் நான்கு எண்களுக்குள் கலந்து கிடக்கின்றன.

இது முதல் சிக்கல், ஆனால் பெரிய சிக்கல் இதுவல்ல. கண்ணும் அந்த அளவு சிறியதுதான், அது நன்றாக வருகிறதே.

கண் தன் இடத்தை விட்டு நகராது. தலை எங்கே, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று முடிவானதும், கண் எங்கே வர வேண்டும் என்பது ஏறக்குறைய முடிந்த கதை. உள்ளங்கை எங்கே என்று முடிவான பிறகும் விரல் எங்கே என்பது முடிவாவதில்லை. விரல்கள் விரியலாம், ஒட்டலாம், மடங்கலாம், பக்கவாட்டில் சாயலாம், ஒன்றை ஒன்று மறைக்கலாம். அரைத் திட்டாக இருக்கும் ஒரு கைக்குப் பின்னால் பல வெவ்வேறு கைகள் சரியான விடையாக நிற்கின்றன.

இப்போது சராசரிக் கதையைத் திரும்ப நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டே சாத்தியங்கள் என்று எளிமைப்படுத்துவோம். முதல் கையில் விரல்கள் 1, 3, 5, 7 ஆகிய இடங்களில். இரண்டாவது கை அரை விரல் தள்ளிச் சாய்ந்திருக்கிறது, விரல்கள் 2, 4, 6, 8 ஆகிய இடங்களில். கட்டைவிரல் இரண்டிலும் தனி. இரைச்சல் அதிகமாக இருக்கும்வரை மாடல் இரண்டின் சராசரியைத் தருகிறது, அதனால்தான் மடல் போன்ற திட்டு. இரைச்சல் குறையக் குறைய ஏதாவது ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். எதைத் தேர்வது என்பதைத் தீர்மானிப்பது அந்தந்த இடத்தில் தற்செயலாக மிஞ்சியிருக்கும் இரைச்சல். கையின் இடப்பாதியில் மிஞ்சிய இரைச்சல் முதல் கையின் பக்கம் சாய்கிறது, 1-இலும் 3-இலும் விரல் முளைக்கிறது. வலப்பாதி இரண்டாவது கையின் பக்கம் சாய்ந்து 6-இலும் 8-இலும் விரல் வைக்கிறது. நடுவில், 3-க்கும் 6-க்கும் இடையே, ஒன்றரை விரல் அகலத்துக்கு ஒரு வெற்றிடம். அடுத்த சுற்றில் மாடல் அதைப் பார்க்கிறது. விரலுக்குப் பக்கத்தில் இவ்வளவு இடம் இருந்தால் அங்கே இன்னொரு விரல் இருப்பதுதான் அது பழகிய வழக்கம். ஆகவே ஒன்றை நட்டுவைக்கிறது. கட்டைவிரலோடு சேர்த்து ஆறு.

இந்த ஆறு விரலில் எந்த இரண்டு பக்கத்து விரல்களை மட்டும் வெட்டி எடுத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. நகம் இருக்கும், மூட்டு மடிப்பு இருக்கும், நிழல் இருக்கும். மொத்தமாக எண்ணும்போதுதான் தப்பு தெரிகிறது. தூரத்துக் கட்டங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள அட்டென்ஷனில் வழி இருக்கிறது, அதனால் எண்ணவே முடியாது என்பதில்லை. ஆனால் எண்ணும்படி அதை யாரும் வற்புறுத்தவில்லை. பயிற்சியில் ஒரு விரல் கூடினால் ஏற்படும் தவறு, 4096 கட்டங்களில் ஐந்தாறு கட்டங்களின் தவறு. பின்னணிச் சுவரின் நிறம் ஒரு சாயல் மாறினால் அதைவிட அதிகம் குறையும் கூடும். நமக்கு ஆறாவது விரல் கண்ணில் குத்துகிறது, சராசரிக்கு அது ஒரு தூசு.

பயிற்சிப் படங்களும் உதவுவதில்லை. படத்தில் கை பெரும்பாலும் எதையாவது பிடித்திருக்கும், பையில் இருக்கும், பாதி மறைந்திருக்கும். மூன்று விரல் மட்டும் தெரியும் கைகளும் முழுக்கச் சரியான கைகளே. விவரணை வரிகள் 'ஒரு பெண் சிரிக்கிறாள்' என்று சொல்லும். 'நான்கு விரல் தெரிகிறது, சுண்டுவிரல் கோப்பைக்குப் பின்னால்' என்று யாரும் எழுதிவைப்பதில்லை. படத்தில் வேண்டாதவற்றைச் சொல்லும் எதிர்மறை ப்ராம்ப்டில் `extra fingers` என்று போடுவது பெரிதாகப் பலிக்காததற்கும் இதுதான் காரணம். அப்படி விவரணை எழுதிய படங்களை மாடல் போதுமான அளவு பார்க்காதபோது, அந்தச் சொல்லுக்குப் பிடித்து இழுக்க எதுவும் இல்லை.

படிகளை 30-இலிருந்து 150-ஆக ஏற்றினாலும் விரல் குறையாது. பலர் முதலில் செய்து பார்ப்பது இதைத்தான். ஒவ்வோர் அடியும் சிறியதாகிறதே தவிர, இடப்பாதியும் வலப்பாதியும் வேறு வேறு கையைத் தேர்வது நின்றுவிடுவதில்லை.

## எழுத்து ஏன் குழம்புகிறது

எழுத்துக்கு மேலே சொன்ன எல்லாமே பொருந்தும். மெல்லிய கோடுகள், சிறிய இடம், பின்பாதியில் தீரும் முடிவு, ஒவ்வொரு எழுத்தும் தனியாகச் சரி, வரிசை தப்பு. ஆனால் எழுத்துக்கு மட்டும் உரிய ஒரு குறை, வரைவதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

கிளிப்பின் டோக்கன் பட்டியலில் 49,408 துண்டுகள் உள்ளன. அடிக்கடி வரும் சொல்லாக இருந்தால் முழுச் சொல்லும் ஒரே துண்டு. `WELCOME` என்று நாம் தட்டினால் முதலில் அது சிறிய எழுத்தாக `welcome` என்று மாற்றப்படுகிறது, பிறகு ஒரே எண்ணாகிறது. பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்ற தகவல் அங்கேயே போய்விட்டது. ஏழு எழுத்துகள் என்பதும், W-க்குப் பிறகு E என்பதும் அந்த எண்ணில் இல்லை. மாடலுக்குக் கிடைப்பது 'வரவேற்பு' என்ற பொருளும், அது வரும் படங்கள் எப்படி இருக்கும் என்ற வாசனையும்தான். ஒருவருக்கு ஒரு சொல்லின் பொருளை மட்டும் சொல்லிவிட்டு, அதை எழுத்துக்கூட்டச் சொல்வதைப் போன்றது இது. W-இல் தொடங்கி E-யில் முடிவது வரை சரியாக வந்து நடுவில் குழம்புவது பல படங்களில் நடக்கும். சொல்லின் மொத்த உருவத்தைப் பார்த்துப் பழகியிருக்கிறது, எழுத்துக்கூட்டைப் படித்ததில்லை.

தமிழுக்கு நிலைமை இன்னும் கடினம். 'நல்வரவு' என்ற சொல் கணினிக்குள் 7 குறியீடுகள், ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 21 பைட். இந்த மாடலின் பயிற்சி வரிகள் பெரும்பாலும் ஆங்கிலம் என்பதால், கிளிப் அந்தப் பைட்டுகளைப் பொருளில்லாத சிறு துண்டுகளாகத்தான் பார்க்கிறது. போதாக்குறைக்கு நம் எழுத்தின் அமைப்பு. 'கொ' என்று வரையும்போது கொம்பு க-வுக்கு முன்னால், கால் க-வுக்குப் பின்னால். ஆனால் கணினி சேமிக்கும் வரிசையில் க முதலில், அதற்குப் பின் ஒரே ஒரு உயிர்க்குறி. அந்த ஒற்றைக் குறி இரு பக்கமும் பிரிந்து நிற்கும் என்பதைப் படங்களிலிருந்தே கற்க வேண்டும். அதற்குத் தேவையான தமிழ்ப் பலகைப் படங்கள் அதன் பயிற்சியில் மிகக் குறைவு. விளைவு, தமிழ் போன்ற சுழிகள் வரும், ஒரு எழுத்தும் தமிழாக இருக்காது.

எழுத்துச் சிக்கலின் ஒரு முக்கிய மூலம் மொழி மாடலில் இருக்கிறது என்பது பிற்பாடு நன்றாகவே தெரிந்துவிட்டது. 2022-இல் கூகுளின் இமேஜன், படங்களைப் பார்க்காமல் உரையை மட்டும் வைத்துப் பழக்கிய T5 என்ற மிகப் பெரிய மொழி மாடலைப் பயன்படுத்தியது. சொற்களை எழுதுவது கண்கூடாக மேம்பட்டது. 2024-இல் வந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன் 3 கிளிப்போடு T5-ஐயும் சேர்த்தது, ஒரு கட்டத்துக்கு நான்கு எண்கள் என்பதைப் பதினாறாகவும் ஆக்கியது. சிறு ஆங்கிலச் சொல் இத்தகைய மாடல்களில் பெரும்பாலும் சரியாக வருகிறது. நீண்ட பத்தியும் பின்னணியில் தெரியும் பொடி எழுத்தும் அவற்றிலும் தடுமாறும்.

## தவறு எந்தக் கட்டத்தில் என்று கண்டுபிடிப்பது

திருத்துவதற்கு முன் குற்றவாளி யார் என்று தெரிந்துகொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும். சுருக்கும் பகுதியா, வரையும் பகுதியா என்று பிரித்துப் பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. கையும் பலகை எழுத்தும் தெளிவாக இருக்கும் ஒரு உண்மையான புகைப்படத்தை எடுத்து, டிஃப்யூஷனே இல்லாமல், சுருக்கி விரிக்க மட்டும் செய்யுங்கள்.

```python
import torch
from diffusers import AutoencoderKL
from diffusers.utils import load_image
from torchvision.transforms.functional import to_tensor, to_pil_image

vae = AutoencoderKL.from_pretrained("stabilityai/sd-vae-ft-mse")
img = load_image("photo.png").resize((512, 512))
x = to_tensor(img).unsqueeze(0) * 2 - 1
with torch.no_grad():
    z = vae.encode(x).latent_dist.mean
    y = vae.decode(z).sample
print(z.shape)   # torch.Size([1, 4, 64, 64])
to_pil_image(((y[0] + 1) / 2).clamp(0, 1)).save("out.png")
```

`out.png`-ஐ மூலப் படத்தோடு பெரிதாக்கி ஒப்பிடுங்கள். பெரிய எழுத்துகள் அப்படியே இருக்கும். பத்துப் பிக்சல் உயரமுள்ள எழுத்துகள் நெளிந்திருக்கும், தூரத்து விரல்கள் ஒட்டியிருக்கும். அந்த அளவில் எந்த ப்ராம்ப்டும் உங்களைக் காப்பாற்றாது, ஏனென்றால் சரியான கையைக் கொடுத்தாலும் அந்தக் கட்டங்களால் அதைத் தாங்க முடியவில்லை. புகைப்படத்தின் கை சோதனையில் தேறி, அதே அளவுள்ள உங்கள் கை மட்டும் ஆறு விரலோடு வந்தால், தவறு வரையும் பகுதியில். எழுத்தில் கோடுகள் கூர்மையாக, வரிசை மட்டும் தப்பாக இருந்தால் மொழி மாடலைச் சந்தேகியுங்கள். கோடுகளே நெளிந்திருந்தால் சுருக்கத்தைச் சந்தேகியுங்கள்.

## நம் படத்தைச் சரிசெய்வது

முகமும் உடையும் பிடித்திருக்கிறது, கை மட்டும் தப்பு. முழுப் படத்தையும் மறுபடி வரையாமல் கையை மட்டும் பெரிதாக்கி வரைய வேண்டும்.

கையைச் சுற்றி 200 × 200 பிக்சல் சதுரத்தை வெட்டி, 512 × 512-ஆகப் பெருக்குங்கள். 64 பிக்சல் கை இப்போது ஏறக்குறைய 164 பிக்சல், அதாவது 20 கட்டம். ஒரு விரலுக்கு ஒரு கட்டம்கூட இல்லாத நிலை மாறி, இரண்டு கட்டமும் இடைவெளிக்குத் தனி இடமும் கிடைக்கிறது. மணிக்கட்டும் சதுரத்துக்குள் இருக்கட்டும், எந்தப் பக்கத்திலிருந்து கை வருகிறது என்று மாடலுக்குத் தெரிய வேண்டும். கை இருக்கும் பகுதியைக் குறிக்கும் மாஸ்க் ஒன்றை வரைந்து, இன்பெயின்டிங்கில் அந்த இடத்தை மட்டும் மறுபடி வரையச் சொல்லுங்கள். ப்ராம்ப்டையும் மாற்றுங்கள். இந்தச் சதுரத்தில் பெண்ணும் இல்லை, பலகையும் இல்லை, ஆகவே உயர்த்திய உள்ளங்கை என்று மட்டும் சொன்னால் போதும்.

அடுத்து ஸ்ட்ரெங்த் என்ற எண். 30 படியில் 0.4 என்று வைத்தால், இருக்கும் படத்தில் இடைப்பட்ட அளவு இரைச்சலைக் கலந்து கடைசி 12 படிகளை மட்டும் ஓட்டும். 0.2 வைத்தால் கலக்கும் இரைச்சல் குறைவு, ஆறாவது விரலின் தடம் அதில் அழியாமல் இருக்கும், மாடல் அதையே இன்னும் அழகாகத் தீட்டித் தரும். 0.9 வைத்தால் எல்லாம் அழிந்து, மணிக்கட்டோடு பொருந்தாத புதுக் கை ஒன்று முளைக்கும். நான் 0.5-இல் தொடங்கி, விரல் எண்ணிக்கை மாறும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவேன். அந்த அளவு தெரிந்தபின் சீட்டை மாற்றி மாற்றி எட்டுப் படம் எடுத்தால் அதில் ஒன்றிரண்டு தேறும். தேறியதைச் சுருக்கிப் பழைய இடத்தில் ஒட்டிவிடலாம்.

அப்படியும் தேறாவிட்டால், மாடல் தேர்வு செய்ய இடமே கொடுக்காத வழி ஒன்று இருக்கிறது. 2023-இல் வந்த கன்ட்ரோல்நெட், ஒரு கோட்டுப் படத்தையோ, எந்த இடம் கேமராவிலிருந்து எவ்வளவு தூரம் என்று காட்டும் ஆழப் படத்தையோ கூடவே வைத்து வரையவைக்கும். உங்கள் கையையே அதே நிலையில் படம் பிடித்து, அதிலிருந்து ஆழப் படம் எடுத்துக் கொடுங்கள். பல கைகள் சாத்தியம் என்ற நிலை போய் ஒரே கை என்றாகிவிடுகிறது. இடப்பாதியும் வலப்பாதியும் இனிச் சண்டை போட எதுவும் இல்லை.

பலகைக்கு இவ்வளவு பாடு வேண்டாம். ப்ராம்ப்டில் எழுத்தை எடுத்துவிட்டு வெற்றுப் பலகை கேளுங்கள். எழுத்தைப் படத்தொகுப்பு மென்பொருளில் நல்ல எழுத்துருவில் தட்டி, பலகையின் சாய்வுக்குத் திருப்பி வையுங்கள். ஒட்டவைத்தது போலத் தெரிந்தால், அந்தப் பலகையை மட்டும் வெட்டிப் பெருக்கி, 0.2 அல்லது 0.25 ஸ்ட்ரெங்தில் ஒருமுறை ஓட்டுங்கள். கைக்குத் தொல்லையாக இருந்த குணம் இங்கே உதவிக்கு வருகிறது: இவ்வளவு குறைந்த இரைச்சலில் பெரிய எழுத்தின் தடம் அழியாது, பலகையின் நிழலும் சொரசொரப்பும் மட்டும் அதன் மேல் படியும். தமிழ் எழுத்துக்கு 0.15-ஐத் தாண்டாதீர்கள். சுழிகள் நெருக்கமாக இருப்பதால் 'ன'-வும் 'ண'-வும் முதலில் குழையும். முடித்ததும் அந்த இரண்டு எழுத்துகளைத்தான் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.